வாத்துக்காரியிடம் கேட்காமல் விட்டது

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். கட்டிலில் என் மனைவி. அவள் அண்ணன், ஜீயபுரத்திலிருந்து பூவன் சீப்போடு வந்தவர். அவர் மனைவி. சென்னையிலிருந்து வந்திருந்த எங்கள் மகள். எதிர்வீட்டு மாமி. இவ்வளவு பேர்தான். எங்கள் வீட்டுக்கு இதுவே அதிகம். ஸ்ரீரங்கத்தில் மேலூர் போகிற ரோட்டை ஒட்டிய சந்து. ஒரு கூடம், ஒரு அடுப்படி.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிறு அது. வலது கை சரியாக எழவில்லை. கால் பரவாயில்லை. பிடித்துக்கொண்டால் நடந்தாள். பேச்சு போய்விட்டது. புத்தி போகவில்லை. டாக்டர் இதைத் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நாம் பேசுவது புரியும், ஆளைத் தெரியும், சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கும், வார்த்தையாக மட்டும் வெளியே வராது என்று. வந்த ஒவ்வொருவரிடமும் வாசலிலேயே இதைச் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனார்கள்.

மச்சான் குனிந்து, காது கேட்காதவளிடம் பேசுவதுபோல் சத்தமாகக் கேட்டார்.

"என்னைத் தெரியுதா? நான் யாரு? சொல்லு பாப்போம்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். சின்ன வயதில் அவளைச் சைக்கிள் கம்பியில் உட்காரவைத்து ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டவர். அவரைத் தெரியாதா. உதடு அசைந்தது. ஒரு சத்தம் வந்தது. அது அண்ணே என்ற வார்த்தை இல்லை. அவளுக்கே அது காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"தெரியல போல" என்று மச்சான் என்னிடம் திரும்பிச் சொன்னார். அவள் முன்னாலேயே.

அடுத்து மாமி. மாமி நல்ல மனுஷி. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் எங்கள் வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டவர். அவரும் கேட்டார்.

"என்னைத் தெரியறதோன்னோ? எதிராத்து மாமி. எங்கே, சொல்லுங்கோ. மா... மி."

பிறகு மகள். போனில் பேரன் படத்தை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினாள். இது யாரு, பேர் என்ன, முதல் எழுத்து நான் சொல்லட்டுமா என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அம்மா பேசிவிட வேண்டும் என்ற தவிப்பு. தவிப்பு இருந்தால் என்ன. கேட்டது பரீட்சைக் கேள்விதான்.

நான் எட்டாவதோடு நின்றவன். எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்டால் தெரிந்ததும் வராது என்பது எனக்குத் தெரியும். ஒரு நோயாளியைப் பார்க்கப் போனால் இந்த ஊரில் எல்லோரும் ஏன் இதைக் கேட்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஹார்லிக்ஸ் வாங்குகிறார்கள், ஆப்பிள் வாங்குகிறார்கள், கூடவே இந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நீ யார் என்று உனக்கே சந்தேகமா.

அவள் கண்ணை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு யார் வந்தாலும் திரும்பவில்லை.

சாயங்காலம் மகள் அடுப்படியில் என்னைப் பிடித்தாள். ஆடி முடிவதற்குள் வருவேன், அதற்குள் அம்மா பேச ஆரம்பிக்கவில்லை என்றால் சென்னைக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்றாள். இங்கே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி இருக்கிறதே என்றேன்.

"வாரத்துக்கு ஒரு நாள்ப்பா. மத்த ஆறு நாளும் யாரு பேசுறது? நீங்களா? நீங்க ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

நான் பதில் சொல்லவில்லை. அதுவே அவளுக்குச் சாட்சி ஆகிவிட்டது.

அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க மனைவியின் வேலை. எனக்கு அரியமங்கலத்தில் லேத்துப் பட்டறை வேலை. மிஷின் முன்னால் நின்றால் பேச முடியாது, கேட்காது. எனக்கு அது வசதி. கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் அவள் பக்கத்தில் நான் நிற்பேன். என் பங்கையும் அவளே பேசிவிடுவாள்.

அவள் பேசுவதை எத்தனையோ வருடம் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஏறுவாள். யாரோ ஒரு அம்மாள். சாப்பாடு ஆச்சா என்பாள். ஆச்சு என்று பதில் வரும். நானாக இருந்தால் அத்தோடு சரி. இவள், என்ன குழம்பு என்பாள். கீரைக் குழம்பு என்று வந்தால், எங்க வீட்டுல கீரைய வச்சா தட்டை ஓரமா ஒதுக்கிடுவாரு என்று என்னைக் காட்டுவாள். அந்த அம்மாள் சிரிப்பாள். தன் மருமகனும் அப்படித்தான் என்பாள். மருமகன் எந்த ஊரு. அவ்வளவுதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மருமகன் வேலையை விட்டது, மகள் மாசமாக இருப்பது எல்லாம் வந்திருக்கும். போலீஸ் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். இவளிடம் சொல்வார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் கதை நமக்கு எதற்கு என்று.

இப்போது அந்த வேலை என் தலையில் விழுந்தது.

மகள் ஊருக்குப் போன பிறகு மச்சானின் மனைவி பகலில் துணைக்கு வந்து இருந்தார். எனக்கு அக்கா முறை. சமையல், குளியல் எல்லாம் பார்த்துக்கொண்டார். பேச்சு கிடையாது. டிவி உண்டு. நான் பட்டறையிலிருந்து வந்தவுடன் மகள் சொன்னதை நினைத்துக்கொண்டு கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

சாப்பிட்டாயா என்றேன். தலையை ஆட்டினாள். மாத்திரை போட்டாயா. ஆட்டினாள். நடந்தாயா. ஆட்டினாள். வலி இருக்கிறதா. இல்லை. தூங்கினாயா. அவள் என்னைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாளும் அதே கேள்விகள். அதே வரிசை. அதற்கடுத்த நாள் நான் ஸ்டூலை எடுத்தவுடனேயே மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மேடம் என் மகளைவிடச் சின்னப் பெண். அவரிடம் கோபமாகத்தான் சொன்னேன். தினமும் பேசுகிறேன், அவள்தான் பேசமாட்டேன் என்கிறாள் என்று. என்ன பேசினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"ஐயா, பட்டறை கேட்டுல வாட்ச்மேன் நிறுத்தி இப்படி வரிசையா கேட்டா நீங்க என்ன செய்வீங்க?"

உள்ளே போய்விடுவேன் என்றேன்.

"அவங்களும் அதான் செய்றாங்க."

பிறகு என்னைப் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து மனைவிக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். ஃபேன் சத்தமாக ஓடியது, அதைக் குறைத்தார். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இன்று காலை எங்கள் வீட்டில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது, ஒரு குண்டான் சாம்பார், அப்படியே இருக்கிறது, கொட்ட மனசில்லை என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. எனக்கே.

மனைவி இடது கையைத் தூக்கினாள். ஒன்றிலிருந்து இன்னொன்றில் ஊற்றுவதுபோல் காட்டினாள்.

"வேற பாத்திரத்துல மாத்திடணுமா?"

தலையை ஆட்டினாள். உடனே விரலை ஆட்டி வேண்டாம் என்று காட்டினாள்.

"எது வேணாம்? கரண்டியால கிண்டுறதா, தண்ணி ஊத்துறதா?"

மனைவி வாயைத் திறந்தாள். நாங்கள் காத்திருந்தோம். ரொம்ப நேரம் மாதிரி இருந்தது.

"கி...ண்ட" என்றாள்.

"கிண்டாம, மேலாக மாத்தணும். சரி. போன உடனே செய்றேன்" என்றார் மேடம். பாராட்டவில்லை, கைதட்டவில்லை, திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. சாம்பாரைப் பற்றியே மேலே பேசினார். மனைவி முகத்தில் அன்றைக்குத்தான் பழைய களை கொஞ்சம் தெரிந்தது. தனக்குத் தெரிந்ததை இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்தவளின் முகம்.

பிறகு எனக்கும் சொன்னார். பதில் தெரிந்துகொண்டே கேட்காதீர்கள். அது சோதனை. முதலில் நம் பக்கத்திலிருந்து ஒன்றைக் கொடுங்கள், பிறகு ஒன்று கேளுங்கள். ஒன்றுதான். அவர் பதில் தேடும்போது அடுத்ததைக் கேட்காதீர்கள். காத்திருங்கள். அடுத்த கேள்வி உங்கள் மண்டையிலிருந்து வரக்கூடாது, அவர் சொன்னதிலிருந்து வரவேண்டும். வார்த்தை கிடைக்காமல் தவித்தால் இரண்டு கொடுங்கள், ஒன்றை அவர் எடுத்துக்கொள்வார். தப்பான வார்த்தை வந்தாலும் விஷயம் புரிந்தால் போதும், திருத்த வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டேன். ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டுவிட்டேன்.

"எங்கிட்ட என்ன இருக்கு குடுக்க? காலையில போறேன், கம்பியக் கடையறேன், வரேன்."

"வழியில ஒண்ணுமே நடக்கலையா?" என்றார்.

நடந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் கண்ணைத் திறந்து உட்கார்ந்தேன். முன்பெல்லாம் காவிரிப் பாலம் வருவதற்குள் தூங்கிவிடுவேன். இப்போது தூக்கமும் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பையன் போனில் பாட்டுப் போட்டான். கண்டக்டர் சில்லறைக்குத் திட்டினார். இதைப் போய் என்னவென்று சொல்வது.

பட்டறையில் டீ நேரத்தில் பக்கத்து மிஷின்காரனிடம் பழகிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பத்து வருடத்துக்கு மேல் பக்கத்திலேயே நிற்கிறான். சாப்பாடு ஆச்சா என்றேன். ஆச்சுண்ணே என்றான். என்ன குழம்பு என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னண்ணே, வேலைய விட்டு நிக்கப் போறீங்களா?"

இல்லை என்றேன்.

"அண்ணிக்கு ஒண்ணும் இல்லையே?"

இல்லை, சும்மா கேட்டேன் என்றேன். அவன் நம்பவில்லை. அன்று முழுக்க என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தான். சாயங்காலம் முதலாளியே வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒரு குழம்பு கேட்டதற்கு இந்தப் பாடு.

வெறுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்குத்தான் அந்த வாத்துக்காரி. சத்திரத்தில் பஸ் ஏறினாள். மடியில் ஒரு சாக்குப் பை. பையிலிருந்து இரண்டு வாத்துத் தலை. கண்டக்டர் இது எந்த ஊர் வாத்து என்று கேட்டார். முசிறி என்றாள். வாத்துக்கும் டிக்கெட் எடு என்று அவர் சொல்ல, மடியிலதானே உக்காந்திருக்கு, கைக்கொழந்தைக்கு டிக்கெட் உண்டா என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் கொஞ்சம்.

வீட்டுக்கு வந்து டிவியை நிறுத்தினேன். அக்கா முறைத்தார். முறைக்கட்டும். ஸ்டூலைப் போட்டேன். மனைவி கண்ணை மூடப்போனாள். நான் கேள்வி கேட்கவில்லை. வாத்தைச் சொன்னேன். எனக்குச் சொல்லத் தெரியாது. வாத்து, முசிறி, டிக்கெட், கைக்குழந்தை என்று துண்டு துண்டாகச் சொன்னேன். நான் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கண்ணை மூடவில்லை.

சொல்லிமுடித்துச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்குக் கைவந்தது. அது ஒன்றுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கோணிக்கொண்டு முயற்சி செய்தது. பிறகு சுத்தமாக வந்தது.

"அப்பறம்?"

பஸ்ஸில் ஆயிரம் தடவை அவள் கேட்ட வார்த்தை. யாராவது பாதியில் நிறுத்தினால் அதைப் போட்டுத்தான் இழுப்பாள்.

எனக்கு அப்புறம் எதுவும் இல்லை. நான் இறங்கிட்டேன் என்றேன்.

"எ...துக்கு?"

எதற்கு இறங்கினேன் என்றா கேட்கிறாள் என்று குழம்பினேன். மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு கொடுத்தேன். நான் இறங்கினதா, வாத்தா. வாத்து என்பதுபோல் இடது கையை உதறினாள். முசிறிக்காரி ஸ்ரீரங்கத்துக்கு எதற்கு வாத்தைக் கொண்டுவருகிறாள். கோயில் ஊர். இங்கே யார் வாத்து வாங்குகிறார்கள். விற்கவா, வளர்க்கவா, யாருக்காவது கொடுக்கவா. நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை.

கேக்கல என்றேன்.

இடது கையால் கட்டிலில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "ஐயோ" என்றாள். அதுவும் சுத்தமாக வந்தது.

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று வார்த்தை பேசிவிட்டாள், அதில் ஒன்று என்னைத் திட்டுவதற்கு.

வாத்துக்காரியை அடுத்த நாளும் தேடினேன். வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் கண்ணில் படவே இல்லை. ஆனால் தேடிக்கொண்டு போனதில் மற்றவர்கள் கண்ணில் பட்டார்கள். ஒருவர் கையில் புதுக் குடை, பிரிக்காமல் மழையில் நனைந்துகொண்டு நின்றார். பழைய நானாக இருந்தால் பைத்தியம் என்று நினைத்துவிட்டு விட்டிருப்பேன். பக்கத்தில் போய், மழை பலமா இருக்கு என்றேன். ஆமாங்க என்றார். குடை புதுசா இருக்கே என்றேன். மகளுக்கு வாங்கினது, ஸ்கூலுக்கு, அவதான் மொதல்ல விரிக்கணும்னு சொல்லியிருக்கா என்றார். எந்த வகுப்பு என்றேன். அதற்குப் பிறகு அவரே எல்லாம் சொன்னார். நான் கேட்டது அவ்வளவுதான்.

இதை வீட்டில் சொன்னேன். இந்தத் தடவை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்ற தைரியம். அவள் கேட்டாள்.

"கல...ரு?"

குடையின் நிறம். பார்த்திருக்கிறேன். ஞாபகம் இல்லை. கட்டிலில் மறுபடியும் அடி.

இப்படித்தான் நடந்தது. தினமும் ஒன்று கொண்டுபோவேன். நான் எதைக் கேட்காமல் விட்டேனோ அதைச் சரியாகக் கேட்பாள். பட்டறையில் பக்கத்து மிஷின்காரன் வீட்டில் தினமும் ரசம்தான் என்று சொன்னால், ஏன் என்பாள். அதற்கு மறுநாள் அவனிடம் போய், ஏன் தினமும் ரசம் என்று கேட்டேன். அவன் முதலில் மிரண்டான். பிறகு தன் அம்மாவுக்குப் பல் இல்லை, அவருக்குத் தகுந்த மாதிரிதான் வீட்டில் சமையல் என்றான். அன்றைக்கு டீ ஆறியும் பேசிக்கொண்டிருந்தோம். அவன் அம்மா கதை முழுக்கச் சொன்னான். என் மனைவி கதையை நானும் கொஞ்சம் சொல்ல வேண்டியதாயிற்று. கொடுக்காமல் வாங்கமுடியாது போலிருக்கிறது. எனக்கு இது பிடித்தது என்று சொல்லமாட்டேன். தொண்டை வலித்தது. வேறு வழி இல்லை.

மற்றவர்கள் மட்டும் மாறவில்லை. மாமி தினமும் மத்தியானம் வந்து, இன்னிக்கு மாமி பேர் சொல்லுவேளோ என்று ஆரம்பிப்பாராம். மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவாளாம். அக்கா சொன்னார். ஒரு நாள் வாசலில் மாமியை நிறுத்திச் சொன்னேன். இப்படிக் கேட்டால் அவளுக்குக் கூசுகிறது, உங்கள் வீட்டு விஷயம் ஏதாவது சொல்லுங்கள், போதும் என்று. மாமிக்கு முகம் சுருங்கியது. நல்லதுக்குத்தானே கேட்டேன் என்றார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, கட்டிலருகே உட்கார்ந்து, மாமாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, பெருமாள் பிரசாதம் என்று சொல்லி அக்காரவடிசலை ஒளித்துச் சாப்பிடுகிறார் என்று புலம்பிவிட்டுப் போனாராம். மனைவி திரும்பிப் படுக்கவில்லை. எங்க என்று கேட்டாளாம். எங்கே ஒளித்துவைக்கிறார் என்று. மாமி ஓடிப்போய்த் தேடியிருக்கிறார். பீரோவுக்குப் பின்னால் ஒரு தொன்னை. அதிலிருந்து மாமி கேள்வியை விட்டுவிட்டார். வந்ததும் மாமா கதைதான்.

ஆடியில் மகள் வந்தாள், சொன்னபடி. இரண்டு டிக்கெட்டோடு. ஞாயிறு ராத்திரி ரயில். மச்சானும் வழியனுப்ப வந்தார். அதே கூடம், அதே ஆட்கள். போனில் மகளிடம் அம்மா பேசுகிறாள் என்று சொல்லியிருந்தேன். அவள் நம்பவில்லை. போனைக் காதில் வைத்தால் மனைவிக்குப் பேச்சு வராது. எதிரில் முகம் வேண்டும், கை வேண்டும். மகள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, பாவம்ப்பா நீங்க என்று சொல்லிவிட்டாள்.

வந்தவுடன் பையைத் திறந்து அம்மா புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் நடுவில் நிமிர்ந்து கேட்டாள்.

"அம்மா, என்கூட வரியா? வரேன்னு சொல்லு. வ... ரே... ன்."

மனைவி முகம் சுவரை நோக்கிப் போனது. நான் பார்த்தேன். இத்தனை நாள் பட்ட பாடு மொத்தமும் அந்த மூன்று எழுத்தில் போகப் பார்த்தது. சத்தம் போட நினைத்தேன். போட்டால் அது இன்னும் கெடும்.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். குனிந்தும்விட்டார். நான் அவர் தோளைப் பிடித்தேன்.

"மச்சான், ஒண்ணும் கேக்காதீங்க. ஊர்ல என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க. சொல்லிட்டு வாய மூடிக்கங்க."

நான் அவரிடம் இவ்வளவு நீளமாக, இவ்வளவு மரியாதை இல்லாமல் பேசியதே கிடையாது. அவர் திகைத்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். தலையைச் சொறிந்தார்.

"ஊர்ல என்ன மாப்பிள்ளை. ஆடிக்காத்துதான். நேத்து ராத்திரி அடிச்ச அடில நம்ம கொல்லையில வாழை சாஞ்சுடுச்சு. தார் போட்டது. முட்டுக்குக் கழி குடுத்திருந்தேன். கழியோட சாஞ்சுடுச்சு."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அது பெரும் கஷ்டம். கழுத்து நரம்பு தெரிந்தது. மகள் கையில் ஒரு புடவையோடு நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள். நான் கையைக் காட்டினேன்.

மனைவி திரும்பினாள். சுவரிலிருந்து அண்ணன் பக்கம். அந்தக் கொல்லை அவள் பிறந்து வளர்ந்த இடம்.

"கீழ...யா? மே...லயா?"

வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கமா, மேல்பக்கமா. மச்சானுக்குப் புரிந்தது. எனக்கு அப்போது புரியவில்லை. கீழப்பக்கம்தான் என்றார்.

"அண்ணே" என்றாள். யாரும் கேட்காமல். "எத்...தன?"

"நெறைய சாஞ்சுடுச்சும்மா."

"எத்தன?" இந்தத் தடவை ஒரே மூச்சில் வந்தது. எரிச்சலோடு வந்தது. அந்த எரிச்சல் எனக்குப் பழக்கமானது. எண்ணாமல் வந்தாயா என்ற எரிச்சல்.

மச்சான் முழித்தார். அவர் எண்ணவில்லை. காற்று நின்றதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை. என்னிடம் என்ன உதவி இருக்கிறது. நானே தினமும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அப்படி முழிக்கிறவன்.

இடது கை கட்டிலில் விழுந்தது. மாமி வாசலில் நின்று சிரித்துவிட்டார்.

மகள் புடவையைப் பையில் வைக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, ரயிலில் வரும்போது எதிர் ஸீட்டில் ஒரு அம்மாள் ராத்திரி முழுக்க யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் அம்மாவின் மகள்தானே. நடுவில் நிறுத்தினாள். அப்பறம் என்றாள் மனைவி.

நான் எழுந்துபோய் அந்தப் புடவைகளைப் பீரோவில் திரும்ப வைத்தேன். மகள் பார்த்தாள். தடுக்கவில்லை. ஒரு டிக்கெட்டை மட்டும் கேன்சல் செய்ய முடியுமா என்று போனை எடுத்துத் தட்டினாள்.

மச்சான் சீக்கிரமே கிளம்பிவிட்டார். இருட்டுவதற்குள் கொல்லைக்குப் போகவேண்டும் என்றார். என்ன அவசரம் என்று அக்கா கேட்டார். போய் எண்ணணும் என்றார்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. மச்சான். மூச்சு வாங்கியது. சேற்றில் நிற்கிறார் போலிருக்கிறது. நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. போனை அவள் காதில் வைக்கச் சொல்லவில்லை. அவளைப் பார்த்து நீயே சொல்லு மாப்பிள்ளை என்றார்.

கேட்டுக்கொண்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் ஏற்கெனவே என் பக்கம் திரும்பியிருந்தாள்.

நாற்பத்து மூன்று.